நீண்ட வழங்கல் ஒப்பந்தத்திலிருந்து கடப்பாடுகள், காலக்கெடுக்கள், முடிவுறுத்தல் பிரிவுகளை அட்டவணையாக்கும் முறை

பொருள் வழங்கல் ஒப்பந்தத்தை அட்டவணையாக மாற்றப் புதிதாக முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். "30 நாட்கள்" என்று எழுதுகிறார்கள். எந்த நாளிலிருந்து 30 நாட்கள் என்று எழுதுவதில்லை. தொடக்கப் புள்ளி இல்லாத காலக்கெடுவை யாராலும் நாட்காட்டியில் குறிக்க முடியாது. கீழே உள்ள படிகளின் வரிசை, அந்தத் தொடக்கப் புள்ளி எந்த இடத்திலும் தவறிவிடாதபடி அமைக்கப்பட்டது.

விளக்கத்துக்காக ஒரு மாதிரி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் உள்ள ஒரு சிறிய வார்ப்பாலை, பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு வார்ப்பு இரும்பு உதிரிப்பாகங்களை மூன்றாண்டுகளுக்கு வழங்க ஒப்புக்கொள்கிறது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் உள்ளது. மூலப் பகுதி 38 பக்கங்கள், அதனுடன் ஐந்து இணைப்புகள், பின்னர் கையெழுத்தான ஒரு திருத்தம். நாம் வழங்குநரின் அலுவலகத்தில் அமர்ந்து அட்டவணை தயாரிக்கிறோம்.

## 1. ஆவணங்கள் முழுமையாக உள்ளனவா என்று முதலில் பாருங்கள்

மூல ஒப்பந்தம், எல்லா இணைப்புகள், எல்லாத் திருத்தங்கள், பர்ச்சேஸ் ஆர்டரின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள பொது நிபந்தனைகள் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் சேருங்கள். ஆர்டரின் பின்புறத்தைப் பலர் ஒப்பந்தமாகவே கருதுவதில்லை. ஆனால் அதில் உள்ள டெலிவரி நிபந்தனை மூலப் பகுதியுடன் முரண்படும்போது எது மேலோங்கும் என்பதை, மூல ஒப்பந்தத்தின் முன்னுரிமைப் பிரிவுதான் சொல்லும். அந்தப் பிரிவு எதுவென்று இப்போதே கண்டு குறித்துக்கொள்ளுங்கள்.

மூலப் பகுதியில் "இணைப்பு 4-இல் கூறியபடி" போன்ற குறிப்புகளைத் தேடி, குறிப்பிடப்பட்ட ஒவ்வொரு இணைப்பும் கையில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லாத இணைப்பில்தான் ஒரு முடிவுறுத்தல் உரிமை இருக்கக்கூடும். வருடப்பட்ட பிடிஎஃப் என்றால், எழுத்துணரி மென்பொருளால் தேடக்கூடிய கோப்பாக்குங்கள். ஆனால் எண்களை மட்டும் படத்தோடு ஒப்பிட்டுக் கண்ணால் பார்த்தே ஏற்க வேண்டும். மங்கலான பக்கத்தில் 15 என்பது 16 ஆகவும், 3 என்பது 8 ஆகவும் மாறுவது வழக்கம்.

கையெழுத்தான நாளும் நடைமுறைக்கு வரும் நாளும் வேறாக இருக்கலாம். நம் மாதிரியில் கையெழுத்து 2025 மார்ச் 19. நடைமுறை நாள் 2025 ஏப்ரல் 1. பின்னால் வரும் பல கணக்குகள் இரண்டாவது நாளிலிருந்துதான் தொடங்குகின்றன.

## 2. வரையறைகளைத் தனித் தாளில் எழுதுங்கள்

கடப்பாடுகளைத் தேடும் முன் வரையறைப் பிரிவைப் படிக்க வேண்டும். வரையறை தெரியாமல் எழுதிய வரிகளை எல்லாம் பின்னர் திருப்பி எழுத நேரும். காலத்தோடு தொடர்புடைய நான்கைந்து சொற்கள் போதும்: நடைமுறை நாள், வேலை நாள், டெலிவரி, ஏற்பு, நோட்டீஸ்.

நம் மாதிரியில் "டெலிவரி" என்பது லாரி வார்ப்பாலையை விட்டுப் புறப்படும் நாள் அல்ல. வாங்குபவரின் கேட்டில் பதிவாகும் நாளும் அல்ல. சரக்கு இறக்கி எண்ணி, வாங்குபவரின் கிடங்கு, சரக்கைப் பெற்றதற்கான ரசீதான ஜிஆர்என் போடும் நாள்தான் டெலிவரி. வெள்ளி மாலை கேட்டுக்குள் நுழைந்த லாரிக்குத் திங்களன்று ஜிஆர்என் போடப்பட்டால், டெலிவரி திங்களன்றுதான் நிகழ்ந்தது. தாமதத்துக்கான தண்டத் தொகையும், பணம் வர வேண்டிய நாளும் இந்த ஒரு வரையறையைப் பிடித்தே நகர்கின்றன.

"வேலை நாள்" என்பது இங்கே வங்கிகள் இயங்கும் நாள். இந்திய வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. மற்ற சனிக்கிழமைகள் வேலை நாட்கள். இந்த நுணுக்கம் ஆறாவது படியில் ஒரு முழு நாளை மாற்றிவிடும்.

## 3. படிக்கும் முன்பே அட்டவணையின் பத்திகளை முடிவு செய்யுங்கள்

படித்துக்கொண்டே பத்திகளைச் சேர்ப்பவர்களின் அட்டவணையில் முதல் பத்துப் பக்கங்களுக்கு ஒரு வடிவமும் கடைசிப் பக்கங்களுக்கு வேறு வடிவமும் இருக்கும். முதலிலேயே இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: பிரிவு எண்ணும் பக்கமும், யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எது நடந்ததும் காலம் தொடங்கும், ஒப்பந்தம் சொல்லும் காலம், கணக்கிட்ட தேதி, எந்த வடிவில் செய்ய வேண்டும், தவறினால் என்ன, ஐயம்.

"எது நடந்ததும் காலம் தொடங்கும்" என்ற பத்தி, காலத்துக்கான பத்திக்கு இடப்புறம் இருக்க வேண்டும். இடமிருந்து வலமாக நிரப்பும் கை, தொடக்க நிகழ்வை எழுதாமல் நாட்களின் எண்ணிக்கைக்குப் போகாதபடி அது தடுக்கும்.

ஒரு வரிசைக்கு ஒரு விதி: ஒரே தரப்பு, ஒரே செயல், ஒரே தொடக்க நிகழ்வு. இம்மூன்றில் ஒன்று மாறினாலும் புதிய வரிசை தொடங்க வேண்டும். அப்போதுதான் பின்னால் "வழங்குநர்" என்று வடிகட்டினால் நம் பொறுப்புகள் மட்டும் தனியே நிற்கும்.

## 4. முதல் வாசிப்பில் குறியிட மட்டும் செய்யுங்கள்

முதல் முறை படிக்கும்போது அட்டவணையில் எதையும் எழுதாதீர்கள். கடப்பாட்டுக்கு ஒரு நிறம், காலத்துக்கு ஒரு நிறம், முடிவுறுத்தலுக்கு ஒரு நிறம் என்று குறியிட்டுச் செல்லுங்கள். நீண்ட ஒப்பந்தத்தில் எட்டாம் பக்கத்தில் கொடுத்த கடப்பாட்டை இருபத்தெட்டாம் பக்கத்தில் ஒரு விலக்கு பாதியாகக் குறைத்துவிடும். முதல் வாசிப்பிலேயே எழுதியவர், அந்த விலக்கு வரும்போது பழைய வரிசையைத் தேடிப் போக மறந்துவிடுகிறார்.

முழுதும் படித்த பின், தவறவிட்டவற்றைப் பிடிக்க ஒப்பந்தக் கோப்பில் இச்சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்:

```
shall    must    undertakes    responsible
within    not later than    prior to
deemed    failing which    provided that
notwithstanding    subject to    survive
terminate    expiry    renew    suspend
```

தேடல் வாசிப்புக்கு மாற்று ஆகாது. முதல் வரியில் உள்ள சொற்கள் வெளிப்படையான கடப்பாடுகளைக் காட்டும். மூன்றாவது வரிதான் அதிகக் கவனம் வேண்டுவது. "எழுத்தில் மறுக்காவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும்" என்ற வாக்கியத்தில் "செய்ய வேண்டும்" என்ற சொல்லே இல்லை. ஆனாலும் மறுக்க விரும்பும் தரப்புக்கு அது காலக்கெடுவோடு கூடிய கடப்பாடுதான். இவற்றை மௌனக் கடப்பாடுகள் என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

## 5. இரண்டாம் வாசிப்பில் வரிசைகளை எழுதுங்கள்

மாதிரி ஒப்பந்தத்தின் பிரிவு 6.2 சுருக்கமாக இப்படிச் சொல்கிறது: வாங்குபவர் ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதிக்குள், அடுத்த மூன்று மாதங்களுக்கான தேவை மதிப்பீட்டை அனுப்ப வேண்டும், வழங்குநர் அதைப் பெற்ற ஐந்து வேலை நாட்களுக்குள் ஏற்பதையோ மறுப்பதையோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும், ஏற்ற மதிப்பீட்டின் முதல் மாத அளவை வாங்குபவர் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதியவர் இதை "மாதாந்திர மதிப்பீடு – 25-ஆம் தேதி" என்று ஒரே வரிசையாக எழுதிவிடுவார். நம் விதிப்படி இதில் மூன்று வரிசைகள் உள்ளன:

| பிரிவு | யார் | என்ன | எது நடந்ததும் | காலம் | தவறினால் |
|---|---|---|---|---|---|
| 6.2 | வாங்குபவர் | மூன்று மாத மதிப்பீடு அனுப்புதல் | ஒவ்வொரு மாதமும் | 25-ஆம் தேதிக்குள் | ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லை |
| 6.2 | வழங்குநர் | எழுத்தில் ஏற்பு அல்லது மறுப்பு | மதிப்பீடு கிடைத்ததும் | 5 வேலை நாட்கள் | முழு மதிப்பீடும் ஏற்றதாகும் |
| 6.2 | வாங்குபவர் | முதல் மாத அளவை எடுத்தல் | மதிப்பீடு ஏற்கப்பட்டதும் | அந்த மாத இறுதி | பிரிவு 6.5-இன்படி இழப்பீடு |

முதல் வரிசையின் கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். விளைவு சொல்லப்படவில்லை என்றால் அப்படியே எழுத வேண்டும்; கட்டத்தைக் காலியாக விட்டால், பின்னால் பார்ப்பவருக்கு அது விடுபட்டதா, உண்மையிலேயே இல்லையா என்று தெரியாது. எதிர்த்தரப்பின் கடப்பாடுகளையும் இதே அக்கறையோடு எழுத வேண்டும். அவர்கள் 25-ஆம் தேதியைத் தவறவிட்டால் நம் டெலிவரி தள்ளிப்போவதற்கு நியாயம் அங்கிருந்துதான் கிடைக்கும்.

காலத்தையும் தொகையையும் ஒப்பந்தத்தின் சொற்படியே எழுதுங்கள். "ஒரு மாதம்" என்பதை "30 நாட்கள்" என்று மாற்றாதீர்கள். "உடனடியாக" என்பதற்கு நீங்களாக ஒரு எண்ணைத் தராதீர்கள். இருவிதமாகப் படிக்க இடமுள்ள வாக்கியத்தை ஐயப் பத்தியில் சொல்லுக்குச் சொல் படியெடுத்து வைத்தால், வழக்கறிஞர் அந்தப் பத்தியை மட்டும் பார்த்தால் போதும்.

## 6. காலத்தைத் தேதியாக மாற்றுங்கள்

எல்லா வரிசைகளும் எழுதி முடிந்த பிறகே தேதிக் கணக்கு. இப்போது எக்ஸெல் தாளில் விடுமுறைப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். அதில் ஒப்பந்தக் காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்குமான வங்கி விடுமுறைகளையும், இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளையும் சேர்த்து, அந்தப் பட்டியலுக்கு Holidays என்று பெயரிடுங்கள். மதிப்பீடு கிடைத்த நாள் F2 கட்டத்தில் இருந்தால், மறுப்புக்குக் கடைசி நாள்:

```
=WORKDAY.INTL(F2,5,"0000001",Holidays)
```

"0000001" என்பது ஞாயிறு மட்டும் வார விடுமுறை என்று சொல்கிறது. பலரும் பழக்கமான WORKDAY வாய்பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். அது சனி, ஞாயிறு இரண்டையும் விடுமுறையாகவே எடுத்துக்கொள்ளும். 2025 நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை மதிப்பீடு கிடைத்தது என்று வையுங்கள். நவம்பர் 29 ஐந்தாவது சனி, ஆகவே வேலை நாள். சரியான கடைசி நாள் டிசம்பர் 1. WORKDAY காட்டுவது டிசம்பர் 2. அதை நம்பி இரண்டாம் தேதி மறுப்பு அனுப்பினால், முந்தைய நாளே மூன்று மாத மதிப்பீடு முழுவதும் ஏற்றதாகிவிட்டிருக்கும்.

பணம் வர வேண்டிய நாளில் ஒப்பந்தத்துக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். மாதிரி ஒப்பந்தம், டெலிவரியிலிருந்து 60 நாட்கள் என்கிறது. ஆனால் வழங்குநர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, எழுத்தில் ஒப்புக்கொண்ட காலமும் ஏற்பு நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது. சரக்கு வந்த 15 நாட்களுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால், சரக்கு வந்து சேர்ந்த நாளே ஏற்பு நாளாகக் கருதப்படும். காலம் தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி, மாதந்தோறும் கணக்கிட்டுத் தர வேண்டும் என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது.

இந்த வரிசையில் 60 என்பதை அழித்து 45 என்று எழுதக் கூடாது. ஒப்பந்தக் காலம் ஒரு வரிசை, சட்டக் காலம் அதன் கீழ் இன்னொரு வரிசை. இரண்டாவதற்குப் பிரிவு எண் பத்தியில் சட்டத்தின் பெயரை எழுதுங்கள். எது ஒப்பந்தத்திலிருந்து வந்தது, எது சட்டத்திலிருந்து வந்தது என்பது கலந்துவிட்டால், அட்டவணையை எடுத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் எதிர்த்தரப்பின் முன் தடுமாற நேரும்.

## 7. முடிவுறுத்தலுக்குத் தனி அட்டவணை

முடிவுறுத்தல் உரிமை கடப்பாடு அல்ல. ஆகவே அதே அட்டவணையில் அடக்க முயலாதீர்கள். இதற்கான பத்திகள் வேறு: யார் முடிக்கலாம், எக்காரணத்தால், குறையைச் சரிசெய்யத் தரும் அவகாசம், நோட்டீஸ் காலம், முடிந்த பின் என்ன.

முடிவுறுத்தல் என்ற தலைப்புள்ள பிரிவோடு நிறுத்திக்கொள்வதுதான் இங்கே பெரிய தவறு. மாதிரி ஒப்பந்தத்தில் பிரிவு 18 அந்தத் தலைப்பில் உள்ளது. ஆனால் ஐந்து உரிமைகளில் மூன்று மட்டுமே அதில் இருக்கின்றன.

| எங்கே | யார் | காரணம் | அவகாசமும் நோட்டீஸும் |
|---|---|---|---|
| 18.2 | இரு தரப்பும் | கடும் ஒப்பந்த மீறல் | எழுத்தில் அறிவித்து 30 நாள் அவகாசம். சரிசெய்யாவிட்டால் இரண்டாவது நோட்டீஸ் |
| 18.3 | இரு தரப்பும் | நொடிப்பு நடவடிக்கை | உடனடி நோட்டீஸ் |
| 18.4 | வாங்குபவர் மட்டும் | காரணம் வேண்டியதில்லை | 60 நாள் நோட்டீஸ் |
| 12.6 | இரு தரப்பும் | தவிர்க்க முடியாத நிகழ்வு 60 நாட்கள் தொடர்ந்து நீடித்தல் | 7 நாள் நோட்டீஸ் |
| இணைப்பு 3, பத்தி 9 | வாங்குபவர் மட்டும் | தொடர்ந்து மூன்று மாதம் ரிஜெக்‌ஷன் 2 சதவீதத்தைத் தாண்டுதல் | அவகாசம் இல்லை. உடனடி நோட்டீஸ் |

கடைசி வரிசை தரக் கட்டுப்பாட்டு இணைப்பில், ஆய்வு முறைகளுக்கு நடுவே இருக்கிறது. "பிரிவு 18-இல் எது கூறப்பட்டிருப்பினும்" என்று அது தொடங்குவதால் 30 நாள் அவகாசம் இதற்குப் பொருந்தாது. இத்தகைய வரிசைக்கு நேராக, மாதந்தோறும் கவனிக்க வேண்டிய ஒரு வரிசையை முதல் அட்டவணையில் சேருங்கள்: ரிஜெக்‌ஷன் சதவீதம் யாருடைய பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுகிறது, இரண்டாவது மாதம் 2 சதவீதத்தைத் தாண்டியதும் யாருக்குத் தெரிய வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும்.

18.2-இன் வரிசையில் இரண்டு நோட்டீஸ்கள் உள்ளன என்பதும் முக்கியம். முதல் கடிதம் குறையைச் சுட்டுவது. ஒப்பந்தம் முடிவது இரண்டாவது கடிதத்தால்தான். முதல் கடிதத்தோடு முடிந்துவிட்டதாக எண்ணிச் சரக்கை நிறுத்துகிற வழங்குநர், தாமே மீறியவராகிவிடக்கூடும்.

முடிந்த பின் செய்ய வேண்டியவற்றையும் தொடக்க நிகழ்வோடு எழுதுங்கள். இணைப்பு 5-இன்படி வாங்குபவருக்குச் சொந்தமான, வார்ப்பு அச்சு செய்யப் பயன்படும் பேட்டர்ன்களை முடிவு நாளிலிருந்து 7 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஏற்ற மதிப்பீட்டுக்காக வார்த்து வைத்திருக்கும் சரக்குக்கு நாம் பணம் கேட்க வேண்டுமானால், பிரிவு 19.1-இன்படி 15 நாட்களுக்குள் இருப்புப் பட்டியலோடு கோரிக்கை அனுப்ப வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி தெரியும்: பேட்டர்ன்கள் கையை விட்டுப் போன பிறகும் நம் கோரிக்கைக்கு எட்டு நாட்கள் இருக்கின்றன, ஆனால் அரைகுறையாக நிற்கும் வார்ப்படங்களை எண்ணிப் புகைப்படம் எடுக்கும் வேலையைப் பேட்டர்ன் போகும் முன்பே முடிப்பது நல்லது. ரகசியக் காப்பு மூன்றாண்டுகள் தொடர்கிறது. அதற்கும் ஒரு வரிசை வேண்டும்.

## 8. தானாகப் புதுப்பிக்கும் பிரிவைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

காலமுடிவுக்குக் குறைந்தது 90 நாட்கள் முன்னதாக எழுத்தில் மறுக்காவிட்டால், ஒப்பந்தம் மேலும் ஓராண்டு நீளும் என்று பிரிவு 2.3 கூறுகிறது. நோட்டீஸ் பிரிவு, பதிவு அஞ்சல் அனுப்பிய ஐந்தாவது வேலை நாளில் கிடைத்ததாகக் கருதப்படும் என்கிறது. புதுப்பிப்பு மறுப்புக்கு மின்னஞ்சல் செல்லாது என்றும் சொல்கிறது. நடைமுறை நாள் B2 கட்டத்தில் இருந்தால்:

```
B3: =EDATE(B2,36)-1
B4: =B3-91
B5: =WORKDAY.INTL(B4,-5,"0000001",Holidays)
```

B3 காட்டும் முடிவு நாள் 2028 மார்ச் 31. அதிலிருந்து 90 நாட்கள் பின்னே சென்றால் 2028 ஜனவரி 1. "குறைந்தது" என்ற சொல்லுக்கு எல்லா வாசிப்பிலும் இடம் தரும்படி மேலும் ஒரு நாள் பின்னே சென்றால் 2027 டிசம்பர் 31. அன்றைக்குக் கிடைத்ததாக வேண்டுமானால் அஞ்சலில் சேர்க்க வேண்டிய கடைசி நாள் டிசம்பர் 24, வெள்ளிக்கிழமை. மறுநாள் கிறிஸ்துமஸ், அதற்கடுத்தது ஞாயிறு. அட்டவணையில் மூன்று தேதிகளையும் எழுதுங்கள். நாட்காட்டியில் நினைவூட்டல் வைக்க வேண்டியது B5 காட்டும் தேதிக்கு. முடிவெடுக்க வேண்டியவர்களின் ஒப்புதலுக்காக, அதற்கும் ஒரு மாதம் முன்பு இன்னொரு நினைவூட்டல் வையுங்கள்.

## 9. எதிர்த்திசையில் சரிபாருங்கள்

அட்டவணையிலிருந்து ஒப்பந்தத்துக்குப் போய்ச் சரிபார்த்தால் எழுதியவற்றின் பிழை மட்டுமே தெரியும், விட்டுப்போனது தெரியாது. ஆகவே ஒப்பந்தத்தின் எல்லாப் பிரிவு எண்களையும், இணைப்புகளின் பத்தி எண்கள் உட்பட, ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அட்டவணையின் வரிசை எண்ணையோ, "கடப்பாடு இல்லை" என்ற குறிப்பையோ இடுங்கள். எதிரே ஒன்றும் இல்லாத எண் கண்ணில் பட்டால் அந்தப் பத்தியை மீண்டும் படிக்க வேண்டும்.

பிறகு, ஒப்பந்தத்தைப் படிக்காத ஒரு சக ஊழியரிடம் சில வரிசைகளைக் கொடுத்து, "இதை எந்த நாளில், யாருக்கு, எந்த வடிவில் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் ஒப்பந்தத்தைத் திறக்க நேர்ந்தால் அந்த வரிசை முழுமையாகவில்லை.

திருத்தம் வரும்போது பழைய வரிசையை அழிக்காதீர்கள். அதை நரைநிறமாக்கி, "திருத்தம் 1, பத்தி 3-ஆல் மாற்றப்பட்டது" என்று குறித்து, திருத்தம் நடைமுறைக்கு வரும் நாளோடு புதிய வரிசையைக் கீழே சேருங்கள். திருத்தத்துக்கு முன் அனுப்பிய சரக்குகளுக்குப் பழைய வரிசையே இன்னும் பொருந்தும்.